பாதத்தில் இருப்பது ஆணியா, மருவா? வீட்டிலேயே பிரித்தறிந்து பாதுகாப்பாகச் சரிசெய்யும் முறை

உள்ளங்காலில் பட்டாணி அளவில் வட்டமாக, மஞ்சள் கலந்த நிறத்தில், தடித்துப்போய் ஒரு இடம். நடந்தால் குத்துகிறது. பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்ததும் கால் ஆணி என்று முடிவுகட்டிவிடுவார்கள். மருந்துக் கடையில் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டுவார்கள், நாலு நாளில் வெள்ளையாக உரிந்து வரும், கொஞ்சம் நிம்மதி. ஒரு மாதத்தில் அதே இடத்தில் அதே குத்தல்.

திரும்பி வருவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அது ஆணியாக இருந்தால், அதை உண்டாக்கிய அழுத்தம் இன்னும் செருப்புக்குள் அப்படியே இருக்கிறது. மருவாக இருந்தால், மேல்தோல் மட்டும் உரிந்து, வைரஸ் இருக்கும் அடிப்பகுதி மிச்சம் இருக்கிறது. முதலாவதற்கு எத்தனை பிளாஸ்திரி ஒட்டினாலும் பயனில்லை. இரண்டாவதற்கு எத்தனை செருப்பு மாற்றினாலும் பயனில்லை. அதனால் மருந்தைத் தேடும் முன் எது என்று தெரிந்துகொள்வதுதான் வேலையில் பாதி.

யார் இதை வீட்டில் செய்யக்கூடாது

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொன்னவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை போன்ற காரணங்களால் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் கீழே சொல்லும் தேய்த்தலையும் அமில மருந்தையும் தாங்களாகச் செய்ய வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அமிலம் நல்ல தோலை அரித்துக்கொண்டே போனாலும் எரிச்சல் தெரியாது. காலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் புண் கண்ணில் படும், அதுவும் ஆற மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இவர்களுக்குக் காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியது போலத் தெரிந்தால், அது புண் உண்டாகப்போவதன் முன்னறிகுறி. அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது.

மற்றவர்கள் தொடரலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஆணி என்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு. எலும்பு ஒரு பக்கமும் செருப்பு அல்லது தரை இன்னொரு பக்கமுமாக நின்று ஒரே புள்ளியை நசுக்கும்போது, அந்தத் தோல் செதில் செதிலாகத் தடிக்கிறது. பரவலாகத் தடித்தால் வெறும் காய்ப்பு. ஒரே புள்ளியில் குவிந்தால், நடுவில் கூம்பு வடிவில் கெட்டியான கரு ஒன்று உருவாகி, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும். வலிப்பது அந்த முனை நரம்பில் போய் அழுத்துவதால்தான். வேர் என்று சிலர் சொல்வது இந்தக் கருவைத்தான், ஆனால் அது எதற்குள்ளும் வேர்விட்டிருப்பதில்லை.

மரு வேறு கதை. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் வகைகளில் சில, கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக உள்ளங்கால் தோலுக்குள் நுழைந்து, அங்குள்ள செல்களைத் தாறுமாறாகப் பெருக வைக்கின்றன. ஈரத்தில் ஊறிய தோலும் பலர் வெறுங்காலோடு புழங்கும் ஈரத் தரையும் அதற்கு வசதி. வைரஸ் நுழைந்து வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் மரு தெரியவரும் என்பதால், எங்கே ஒட்டியது என்று யோசிப்பதில் பலனில்லை. வளரும் மருவுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மேல்நோக்கி நீளும். அவற்றில் சில அடைத்துக் கறுத்துப்போகும். கறுப்புப் புள்ளிகள் அப்படித்தான் வருகின்றன.

பார்க்கும் முறை

காலை வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். சொந்த உள்ளங்காலை வளைத்துப் பார்ப்பது சிரமம். கைபேசியில் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடியைவிடத் தெளிவாக இருக்கும். வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் விழுந்தால் ரேகைகள் எழுந்து தெரியும். இந்தப் படத்தை அழிக்க வேண்டாம், பிறகு ஒப்பிடத் தேவைப்படும்.

முதலில் இடம். விரல்களுக்குப் பின்னாலுள்ள மேடு, சுண்டுவிரலின் வெளிப்பக்கம், குதிகாலின் ஓரம் போன்ற எலும்பு அழுந்தும் இடங்களில்தான் ஆணி வரும். பாதத்தின் நடுவில், தரையே படாத குழிவில் இருந்தால் மருவைச் சந்தேகிக்கலாம். ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் அழுந்தும் இடத்திலும் மரு தாராளமாக வரும்.

அடுத்தது ரேகை. என் அனுபவத்தில் இதைவிட நல்ல அடையாளம் கிடையாது, ஆனால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கைவிரலில் இருப்பதுபோல உள்ளங்காலிலும் மெல்லிய இணைகோடுகள் ஓடுகின்றன. காய்ப்பின் மேல் அவை தொடர்ந்து ஓடும். ஆணியிலும் சுற்றியுள்ள தடிப்பில் கோடுகளைப் பின்தொடர முடியும், நடுவிலுள்ள கருவில் மட்டும் மங்கிப் பளபளப்பாகத் தெரியும். மருவில் கோடுகள் அதன் விளிம்போடு நின்றுவிடும் அல்லது ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போல ஒதுங்கிப் போகும். மருவின் உள்ளே கோடு என்று எதுவும் இருக்காது, சொரசொரப்பாகத்தான் இருக்கும்.

பிறகு வலி. கட்டைவிரலால் நேராகக் கீழே அழுத்துங்கள். அடுத்து இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்துக் கிள்ளுங்கள். நேராக அழுத்தும்போது சுரீர் என்று குத்தினால் ஆணி, கிள்ளும்போது அதிகம் வலித்தால் மரு என்பது பொதுக் கணக்கு. இது நம்பகமான கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். உடம்பின் எடை விழும் இடத்தில் இருக்கும் மரு இரண்டுக்கும் வலிக்கும். ரேகை சொல்வதோடு ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளுங்கள், முரண்பட்டால் ரேகையை நம்புங்கள்.

கடைசியாகத் தேய்த்துப் பார்ப்பது. ஊறிய தோலின் மேல் அடுக்கை, தூக்கி எறியக்கூடிய அட்டை நக ஃபைலால் மெதுவாக, ஒரே திசையில், மாவு போல உதிரும் வரை தேய்க்கவும். பிளேடு, கத்தி, கத்தரிக்கோல் எதுவும் வேண்டாம். காய்ப்பு மூடியிருக்கும் மருவில் கறுப்புப் புள்ளி முதலில் தெரியாது. அந்த மூடி மெலிந்ததும் மிளகுத் தூள் சிந்தியது மாதிரி ஒன்றிரண்டு புள்ளிகள் தலைகாட்டும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் ஊசி முனை அளவில் ரத்தம் பொடிக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள், விடை கிடைத்துவிட்டது. ஆணியாக இருந்தால் தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் வராது. நடுவில் மெழுகு போல, ஒளி ஊடுருவும் கரு ஒன்று தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. ஆணிக்கு அடியிலும் அழுத்தத்தால் ரத்தம் கசிந்து கருமையாகத் தெரியலாம், ஆனால் அது தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் ஒரு கறையாக இருக்கும். அப்புறம், வறண்ட பாதத்தில் கடுகு அளவில் பத்துப் பன்னிரண்டு குட்டி ஆணிகள் சிதறிக் கிடப்பதுண்டு. பார்த்தால் மருக்கூட்டம் என்றே தோன்றும். அவற்றை நக நுனியால் கிளப்பினால் ஒரு குட்டி உருண்டை வலியில்லாமல், ரத்தமில்லாமல் எழும்பும். அதற்கு அமிலம் தேவையில்லை, யூரியா கலந்த க்ரீம் போட்டு வறட்சியைப் போக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரே காலில் இரண்டும்

நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வலது பாதத்தில், இரண்டாவது விரலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் பல மாதமாக ஒரு தடிப்பு. பிளாஸ்திரி ஒட்டி ஒட்டிப் போய்ப் போய் வருகிறது. சமீபத்தில் பாதத்தின் உட்குழிவை ஒட்டி இன்னொன்று. ஆணி பரவிவிட்டது என்று நினைக்கிறார். ஆணி பரவாது என்பதால், இந்த நினைப்பே நம்மை யோசிக்க வைக்க வேண்டும்.

மேட்டில் இருப்பதன் மேல் ரேகைகளைத் தடிப்பின் ஓரம் வரை பின்தொடர முடிகிறது, நடுவில் மட்டும் பளபளப்பான ஒரு வட்டம். நேராக அழுத்தினால் துள்ளுகிறார், கிள்ளினால் ஒன்றுமில்லை. தேய்த்தால் மெழுகுக் கரு. செருப்பின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் சரியாக அதே இடத்தில் ஒரு பள்ளம், சுற்றிலும் கறுத்த அச்சு. இது ஆணி.

குழிவில் இருப்பதோ ரேகையை வெட்டி ஒதுக்கி நிற்கிறது. கிள்ளினால் வலி. கொஞ்சம் தேய்த்ததும் மூன்று கறுப்புப் புள்ளிகள். இது மரு.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். முதலில் ஆணியைத் தேய்க்க வேண்டும், பிறகுதான் மருவை, அதுவும் வேறு ஃபைலால். வரிசையை மாற்றி ஒரே ஃபைலைப் பயன்படுத்தினால், மருவின் தூளில் இருக்கும் வைரஸை, தேய்த்துத் தேய்த்து மெலிந்திருக்கும் ஆணித் தோலுக்குள் நாமே விதைக்கிறோம். பிளேடால் செதுக்குபவர்களுக்கு ஒற்றை மரு ஐந்தாறாவதும் இப்படித்தான்.

ஆணிக்கு: அழுத்தத்தை நகர்த்து

அட்டையில் பள்ளம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டதால், எடை அங்கே விழாமல் திருப்புவதுதான் முதல் வேலை. 3 முதல் 5 மி.மீ. கனமுள்ள கம்பளி அல்லது ஃபோம் பட்டையை லாட வடிவில் வெட்டி, திறந்த பக்கம் முன்னால் இருக்க, ஆணி அந்த இடைவெளியில் வரும்படி உள் அட்டையில் ஒட்டலாம். முழு வளையமாக வெட்டினால் தோல் அந்த ஓட்டைக்குள் பிதுங்கக்கூடும், அதனால் லாடமே மேல். ஒட்டியதும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வலி குறையாவிட்டால் பட்டை தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது கனம் போதவில்லை.

செருப்பைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அதன்மேல் செருப்பை வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால் அது உங்கள் கால் அல்ல, வேறு யாருடைய காலோ நுழைய வேண்டிய செருப்பு. மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 1 செ.மீ. இடம் இருக்க வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது வாங்குவது நல்லது. உயர்ந்த குதிகால் வைத்த காலணி எடை முழுவதையும் முன்பாத மேட்டுக்குத் தள்ளுகிறது. ஆணி இருக்கும் வரை அதை ஒதுக்கி வையுங்கள்.

தோலைப் பொறுத்தவரை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் 10 நிமிடம் ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் எடுத்தால் போதும். ஒரே நாளில் கருவைத் தோண்டி எடுக்கப் போகாதீர்கள். தினமும் இரவில் 20 முதல் 25 சதவீத யூரியா க்ரீம் தடவினால் தடிப்பு இளகும். சாலிசிலிக் அமிலம் உள்ள ஆணி பிளாஸ்திரியை நான் பரிந்துரைப்பதில்லை. அது கருவை மட்டும் பார்த்துக் கரைப்பதில்லை, சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கும். விரல் இடுக்கில் வரும் ஈரமான மென்மையான ஆணியில் அது கூடவே கூடாது. அங்கே காற்றும், இரு விரல்களும் உரசாமல் இடையில் வைக்கும் பஞ்சும்தான் மருந்து.

அழுத்தம் போன பிறகும் தோல் மெலிய சில வாரங்கள் ஆகும். நம் உதாரண மனிதருக்கு முதல் வாரத்திலேயே குத்தல் பாதியாகக் குறைந்தால் அது நல்ல அடையாளம். வலி குறைந்தாலும் கரு மறுபடி மறுபடி வந்தால், பாத எலும்பின் அமைப்பு காரணமாக இருக்கலாம். அதற்குப் பாத மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் உள் அட்டை தேவைப்படலாம். ஆணியை வெட்டி எடுக்கும் அறுவைக்கு அவசரப்பட வேண்டாம். அழுத்தம் அப்படியே இருந்தால் ஆணி திரும்பும், கூடவே உள்ளங்காலில் ஒரு தழும்பும் சேரும், தழும்பும் வலிக்கும்.

மருவுக்கு: பொறுமையும் 12 வாரமும்

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. குழந்தைகளின் மருக்களில் பெரும்பகுதி இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தி வைரஸை அடையாளம் கண்டதும் மரு கரைந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு இது மெதுவாக நடக்கும். வலியில்லை, பரவவில்லை என்றால் காத்திருப்பதில் தப்பில்லை.

வலிக்கிறது, போக வேண்டும் என்றால் சாலிசிலிக் அமிலம். 17 சதவீத திரவம் அல்லது பசை பரவலாகக் கிடைக்கிறது, 40 சதவீத ஒட்டுப் பட்டையும் உண்டு. இரவில் இந்த வரிசையில் செய்யுங்கள். 5 நிமிடம் ஊறவைத்துத் துடைக்கவும். முந்தைய நாள் வெளுத்த தோலை மருவுக்கென்றே ஒதுக்கிய ஃபைலால் தேய்த்து எடுக்கவும். சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லி பூசி அரண் போடவும். மருவின் மேல் மட்டும் மருந்து ஒரு துளி. காய்ந்ததும் சாதாரண ஒட்டுத் துணியால் மூடவும். கை கழுவ மறக்க வேண்டாம். தோல் சிவந்து எரிந்தால் இரண்டு மூன்று நாள் விட்டு, அடங்கியதும் தொடரலாம். முகத்திலோ பிறப்புறுப்பிலோ இதைப் பூசக்கூடாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

தேய்க்காமல் மருந்தை மட்டும் பூசுவதுதான் பெரும்பாலானோர் தோற்கும் இடம். வெளுத்துச் செத்த தோலின் மேல் போடும் மருந்து உயிருள்ள மருவை எட்டுவதே இல்லை. இன்னொரு இடறல், மூன்றாம் வாரத்தில் வலி போனதும் நிறுத்திவிடுவது. வலி போவது முடிவல்ல. மரு போனதற்கு அடையாளம், கறுப்புப் புள்ளிகள் மறைந்து, அந்த இடத்தின் குறுக்கே ரேகைகள் மறுபடி தடையில்லாமல் ஓடுவது. முதல் நாள் எடுத்த படத்தோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் உதாரண மனிதரின் மருவில் ஐந்தாம் வாரம் புள்ளிகள் இன்னும் அதிகமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. மேல் மூடி போய் உள்ளே இருப்பது வெளிப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால் சட்டென்று போய்விடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. உள்ளங்காலில் அது அவ்வளவு சரியில்லை. பிரிட்டனில் 240 பேரை வைத்து நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு குழு வீட்டில் 50 சதவீத சாலிசிலிக் அமிலம் போட்டது, இன்னொரு குழுவுக்கு உறைய வைக்கும் சிகிச்சை. 12 வாரத்தில் மரு முழுதாகப் போனவர்கள் இரண்டு பக்கமும் சுமார் 14 சதவீதம்தான். இரண்டும் சமம், இரண்டுமே மெதுவானவை. உறைய வைத்தால் கொப்புளமும் சில நாள் வலியும் வேறு. அதனால் 12 வாரம் ஒழுங்காக மருந்து போட்டும் அசையவில்லை என்றால் மருத்துவரிடம் போகலாம். அவரிடம் வேறு வழிகளும் உண்டு.

சிகிச்சை முடியும்வரை மருவை மூடியே வைத்திருங்கள். பொதுக் குளியலறையிலும் நீச்சல் குளத்தின் ஓரத்திலும் செருப்புப் போடுங்கள். துண்டும் காலுறையும் தனி. மருவைத் தொட்ட கையால் நகத்தைக் கடிக்கும் பழக்கம் இருந்தால், விரலிலும் முளைக்க வாய்ப்பு உண்டு.

இரண்டும் இல்லை என்றால்

மேலே சொன்ன எதற்கும் பொருந்தாத தடிப்பு சில நேரம் அமையும். காலில் முள்ளோ கண்ணாடித் துகளோ ஏறி, உள்ளேயே தங்கி, மேலே தோல் மூடியிருந்தாலும் ஆணி மாதிரியே இருக்கும். எங்கேயாவது குத்தியது நினைவிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது தோல் புற்றுநோய். உள்ளங்காலிலும் மெலனோமா வரும், அது மருவாகவோ ஆணியாகவோ நினைத்து மாதக்கணக்கில் தேய்க்கப்பட்ட சம்பவங்கள் உண்டு. மருவின் கறுப்பு சிறு புள்ளிகளாக இருக்கும், தேய்க்கத் தேய்க்க இடம் மாறும், சில மறையும். மெலனோமாவின் பழுப்போ கருமையோ விளிம்பு தாறுமாறாக, ஒரே இடத்தில் பரவியபடி இருக்கும். நிறமே இல்லாமல் இளஞ்சிவப்புக் கட்டியாகவும் வரலாம், அதுதான் அதிகம் ஏமாற்றும். ஒரு இடம் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, அழுத்தாமலேயே அடிக்கடி ரத்தம் கசிந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, காலிஃபிளவர் போலப் புடைத்து நாற்றம் வந்தாலோ, மேற்கொண்டு தேய்க்கவும் வேண்டாம், மருந்து போடவும் வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அவர் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். போகும்போது கைபேசியில் எடுத்து வைத்த படங்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். எவ்வளவு நாளில் எப்படி மாறியது என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி.